எழுநூற்று தொண்ணூற்றாறு ராண்டுக்குள் ஒரு மாதம்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஐந்து பேர் வாழும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆயாவுக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது. 2024 ஏப்ரலில் அது 2180 ராண்ட். பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் தலா 530 ராண்ட் குழந்தை உதவித்தொகை உண்டு. மகள் துணி தைத்து மாதம் 1500 ராண்ட் கொண்டுவருகிறாள். வேலையில்லாத மகனுக்கு அரசு தரும் 370 ராண்டையும் சேர்த்தால் மொத்தம் 5110 ராண்ட். இதில் கடன் வாங்காமல், சேமிக்காமல், வந்ததை அந்த மாதமே செலவழிக்கிறார்கள் என்று கொண்டால், ஆளுக்கு 1022 ராண்ட் செலவாகிறது. இந்த வீடு ஏழை வீடா?

தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை இதற்கு ஒரே வறுமைக்கோட்டை வைத்து விடை சொல்வதில்லை; மூன்று கோடுகளை வைத்திருக்கிறது. 2024-இல் அவை ஆளுக்கு மாதம் 796, 1109, 1634 ராண்ட் என்று இருந்தன. முதல் கோட்டைக் கணக்கிட்ட விதம் தெரிந்தால் மற்ற இரண்டும் தாமாகவே விளங்கிவிடும்.

முதல் கோடு உணவு வறுமைக்கோடு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 2100 கிலோகலோரி வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆனால் அந்தக் கலோரியை எந்த உணவிலிருந்து பெறுவது என்பதை ஊட்டச்சத்து நிபுணர் முடிவு செய்வதில்லை. குறைந்த செலவில் வாழும் குடும்பங்கள் உண்மையில் எதை வாங்குகின்றன என்று ஆய்வு நடத்தி, மக்காச்சோள மாவு, ரொட்டி, அரிசி, கோழி என்று அவர்கள் வாங்கும் பொருள்களையே கூடையில் வைத்து, அதே விகிதத்தில் 2100 கிலோகலோரி கிடைக்க எவ்வளவு செலவாகும் என்று பார்க்கிறார்கள். ஆய்வுக்காரர் வீட்டில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். அன்றன்று வாங்கியதை வீட்டார் எழுத வேண்டும். நம் வீடுகளில் புரட்டாசியில் அதைக் கொடுத்தால் கோழியும் டின் மீனும் இல்லாமல், பருப்பும் காய்கறியும் மட்டுமே பக்கம் பக்கமாக நிற்கும். தீபாவளி வாரத்தில் கொடுத்தால் எண்ணெயும் சர்க்கரையும் எகிறியிருக்கும். ஒரே மாதத்தில் முடித்துவிடாமல் ஆண்டு முழுவதும் வெவ்வேறு வீடுகளில் ஆய்வைப் பரப்பி நடத்துவது இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யத்தான்.

ஆக, 796 ராண்டை உணவுக்கு மட்டுமே செலவிட்டால் ஒருவர் வயிறு ஒருவாறு நிறையும். ஆனால் உணவுக்கு மட்டுமே செலவிடும் மனிதர் யார்? மொத்தச் செலவே 796 ராண்டாக உள்ள ஒருவரும் டாக்ஸிக்குக் கொடுக்கிறார், சோப்பு வாங்குகிறார், மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தை அவர் தம் தட்டிலிருந்துதான் எடுக்கிறார். மார்ட்டின் ரவாலியன் என்ற பொருளாதார அறிஞர் இந்த நடத்தையிலேயே ஓர் அளவுகோலைக் கண்டார்: பசியைப் பொறுத்துக்கொண்டும் ஒருவர் வாங்கும் பொருள், எந்த அதிகாரியின் பட்டியலையும்விட உறுதியாக, அத்தியாவசியமானதுதான். மொத்தச் செலவு உணவுக் கோட்டையொட்டி இருக்கும் குடும்பங்கள் உணவல்லாதவற்றுக்குச் சராசரியாகச் செலவிடும் தொகையை 796-உடன் கூட்டினால் 1109 வருகிறது, இது கீழ்க்கோடு. இடையிலுள்ள 313 ராண்ட், தட்டிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் பணத்தின் அளவு.

மேல்கோட்டுக்குக் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள். மொத்தச் செலவு அல்ல, உணவுக்கான செலவே 796 ராண்டை எட்டிய குடும்பங்கள், அதாவது வயிற்றைக் குறைக்காமல் மற்றதையும் வாங்கும் குடும்பங்கள், உணவல்லாதவற்றுக்கு எவ்வளவு கொடுக்கின்றன? அதைக் கூட்டினால் 1634. உணவு இரண்டு கோட்டிலும் ஒன்றே. மற்ற செலவுதான் 313-இலிருந்து 838 ஆகிறது.

நம் வீட்டின் 1022 ராண்ட் உணவுக் கோட்டுக்கு மேலும், கீழ்க்கோட்டுக்குக் கீழும் விழுகிறது. புள்ளியியல் மொழியில் சொன்னால், அவர்கள் உணவைக் குறைத்தால்தான் மற்ற அவசியங்களைச் சமாளிக்க முடியும். ஆயா இல்லாத ஒரு மாதத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம்: 2930 ராண்டை நால்வருக்குப் பங்கிட்டால் 732.50. சாப்பிடும் வாய் ஒன்று குறைந்தும் வீடு உணவுக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. நம் பகுதிகளில் பல வீடுகள் ஒரு மூதாட்டியின் உதவித்தொகையில்தான் கோட்டுக்கு மேலே நிற்கின்றன என்பது அனைவரும் அறிந்ததே.

இந்தத் தலைக்கணக்கில் ஒரு குறையும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையையும் முழு ஆளாகவே எண்ணுகிறார்கள். ஐந்து பேருக்கு ஒரே அடுப்பும் ஒரே விளக்கும் போதும் என்பதையும் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் பிள்ளைகள் நிறைந்த பெரிய வீடு உண்மையில் உள்ளதைவிட ஏழையாகத் தெரியும்; தனியாக வாழும் முதியவர் உண்மையில் உள்ளதைவிட வசதியாகத் தெரிவார். காலமும் கோட்டைத் தேய்க்கிறது. 2024-இன் கோடுகள் 2010-11 ஆய்வின் கூடையை அடிப்படையாகக் கொண்டவை. உணவுப் பகுதியை உணவு விலையாலும் மற்றப் பகுதியை மற்ற விலைகளாலும் ஆண்டுதோறும் ஏற்றினார்களே தவிர, கூடையில் இருந்த பொருள்கள் மாறவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கவே கைப்பேசி டேட்டா வேண்டும் என்ற இன்றைய நிலை 2010-இல் இல்லை.

எந்தக் கோட்டை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து நாடே வேறு முகம் காட்டும். 2015-இல் உணவுக் கோட்டுக்குக் கீழே இருந்தவர் 25.2 விழுக்காடு; கீழ்க்கோட்டின்படி 40 விழுக்காடு; மேல்கோட்டின்படி 55.5 விழுக்காடு. மூன்றும் ஒரே ஆய்வின் ஒரே வீடுகள். பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் கூடையே போடாமல், நாட்டின் நடு வருமானத்தில் 60 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவரை வறுமை அபாயத்தில் இருப்பவராக எண்ணுகின்றன. அங்கே வறுமை என்பது பிறரோடு ஒப்பிட்ட பின்தங்கல். என் பார்வையில், பசி இன்னும் தீராத நாட்டுக்குக் கூடைக் கோடே நேர்மையானது. ஆனால் எந்தக் கோடு என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் சொல்லும் செய்தியை நான் நம்புவதில்லை.

எண்ணுவதற்காக வரைந்த கோடு கதவாக மாறும்போது சிக்கல் தொடங்குகிறது. மகனுக்கு வரும் அந்த 370 ராண்ட், 2020-இல் கொரோனாக் காலத்தில் 350 ராண்டாகத் தொடங்கிய உதவி. 2022-இல் அதற்கான வருமான வரம்பை 624 ராண்டாக வைத்தார்கள். அது 2021-இன் உணவுக் கோடு. கோடு 796 ஆன பிறகும் வரம்பு 624-இலேயே நின்றது. மேலும், கோடு வீட்டின் செலவை ஆள்கணக்கில் பங்கிட்டுப் பார்க்கிறது. இந்த வரம்போ ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் அந்த மாதம் விழுந்த பணத்தைப் பார்க்கிறது. கணக்கில் விழும் எல்லாப் பணத்தையும் வருமானமாகக் கொள்ளக்கூடாது என்று 2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

மின்சாரப் பாக்கியைக் கட்டச் சொல்லி ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து சித்தப்பா 700 ராண்டை மகனின் கணக்கில் போடுகிறார் என்று வையுங்கள். ஐந்து பேருக்கும் பொதுவான அந்தப் பணம் பங்கிட்டால் ஆளுக்கு 140 ராண்ட்தான். வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினிக்கோ, வேலையில்லாத ஓர் இளைஞன் அந்த மாதம் 700 ராண்ட் சம்பாதித்திருக்கிறான். அவனுடைய 370 நின்றுவிடும்.