முதல் லேப்டாப்: பெரிய எழுத்தில் இருப்பதும் பொடி எழுத்தில் இருப்பதும்

அக்கா மகளுக்கு இசிஇ-யில் இடம் கிடைத்த வாரம், என் வாட்ஸ்அப்பில் பன்னிரண்டு படங்கள் வந்து விழுந்தன. இரண்டு லேப்டாப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விளம்பரப் படங்கள். முதல் படத்தில் ‘ரைசன் 5’, தள்ளினால் ‘8 ஜிபி அதிவேக ரேம்’, அப்புறம் ‘512 ஜிபி எஸ்எஸ்டி’, ‘ஃபுல் எச்டி’, ‘10 மணி நேர பேட்டரி’. இரண்டு லேப்டாப்புகளுக்கும் ஏறக்குறைய அதே வாசகங்கள்தான். விலையில் மட்டும் மூவாயிரம் ரூபாய் வித்தியாசம். கடைசிப் படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: “மாமா, ரெண்டும் ஒண்ணுதானே? கம்மி விலையையே வாங்கிடட்டுமா?”

ஒன்றில்லை. படங்களில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு ஓரத்துப் பொடி எழுத்தைப் பார்த்தால், முதல் லேப்டாப்பில் இருக்கும் சிப் ரைசன் 5 7520U. இரண்டாவதில் 7530U. மாறியிருப்பது ஒரே ஒரு இலக்கம்.

ஏஎம்டி நிறுவனம் 2023 வரிசையிலிருந்து தன் லேப்டாப் சிப்புகளுக்கு வைத்த எண்ணில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனி வேலை இருந்தது. முதலில் வரும் 7, எந்த ஆண்டு வரிசை என்பதைச் சொல்கிறது. அடுத்த 5, விலைப் படிநிலை. சிப்பின் உள்வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பது மூன்றாவது இலக்கத்தில்தான் இருக்கிறது. 7520U-இல் அது 2. அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530U-இல் 3, 2020-இல் வந்த ஜென் 3. இரண்டுமே பழைய சரக்குதான், புது ஆண்டுச் சட்டை போட்டிருக்கின்றன. ஆனால் சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதியான கோர், முதலாவதில் 4, இரண்டாவதில் 6. இரண்டுக்கும் பெயர் ‘ரைசன் 5’.

அவள் விடவில்லை. “முதல் லேப்டாப்புல 2.8 ஜிகாஹெர்ட்ஸ், ரெண்டாவதுல 2.0தான் போட்டிருக்கு. அப்போ முதலாவதுதானே வேகம்?” நியாயமான கேள்வி. இந்த எண் பலரையும் ஏமாற்றும் இடமும் இதுதான்.

ஜிகாஹெர்ட்ஸ் என்பது சிப்பின் தாளம்: ஒரு நொடிக்கு எத்தனை நூறு கோடித் துடிப்பு என்ற கணக்கு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்று அது சொல்வதில்லை. ஜென் 2-ஐவிட ஜென் 3 ஒரே தாளத்தில் சராசரியாக 19 சதவீதம் கூடுதல் வேலை செய்கிறது என்று ஏஎம்டியே அறிவித்திருந்தது. பிறகு வெப்பக் கணக்கு இருக்கிறது. இரண்டு சிப்புகளும் 15 வாட் அளவிலான வெப்பத்துக்குள் ஓடும்படி செய்யப்பட்டவை. எல்லா கோர்களும் ஒரே நேரத்தில் உழைத்தாலும் அந்த வரம்புக்குள் தாக்குப்பிடிக்கும் தாளத்தைத்தான் அடிப்படை வேகம் என்று அச்சிடுகிறார்கள். 15 வாட்டை நான்கு கோர்கள் பங்கிட்டால் ஆளுக்குக் கொஞ்சம் அதிகம் கிடைக்கும். ஆறு பங்கிட்டால் குறைவு. அதனால்தான் 2.0. ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது பார்த்தால் நிலைமை தலைகீழ்: முதலாவது 4.3 வரை போகும், இரண்டாவது 4.5 வரை.

அந்த ‘வரை’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். சிப் சூடாகும்வரைதான் உச்ச வேகம். ஒரு செயலியைத் திறக்கும் சில நொடிகளுக்கு அது கிடைக்கும். பத்து நிமிடம் ஓடும் சிமுலேஷன் என்றால் சீக்கிரமே இறங்கி, விசிறியும் உலோகக் குழாயும் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடிகிறதோ அந்த அளவில் நின்றுவிடும். ஒரே சிப் போட்ட இரண்டு மாடல்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவது இதனால்தான். விசிறி எப்படி என்று எந்த விளம்பரப் படமும் சொல்லாது.

இன்டெல் பக்கமும் இதே கதைதான். ‘கோர் 5 120U’, ‘கோர் அல்ட்ரா 5 125U’ இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது 13-ஆம் தலைமுறை வடிவமைப்பின் மறுபதிப்பு, இரண்டாவது வேறு வடிவமைப்பு. எனவே சீனியர் அண்ணன் “ஐ5 வாங்கு” என்றோ “ரைசன் 5 வாங்கு” என்றோ சொன்னால் அது பாதி விலாசம்தான். முழு எண்ணையும் கேளுங்கள்.

சரி, ரேமுக்கு வருவோம். கல்லூரி லேப்டாப்பை மூன்றாம் ஆண்டில் நொண்ட வைப்பது பெரும்பாலும் சிப் இல்லை, இதுதான்.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் கைக்கெட்டும் அலமாரி ரேம். பின்தெரு குடோன் எஸ்எஸ்டி. அலமாரியில் இருக்கும் பொருளைக் கேட்ட உடனே எடுத்துத் தருவார். அலமாரி நிரம்பிவிட்டால், எதையாவது குடோனுக்கு அனுப்பிவிட்டுத்தான் புதியதை வைக்க முடியும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஆகும் நேரம் ஏறக்குறைய 100 நானோ நொடி. நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 100 மைக்ரோ நொடி வரை ஆகலாம், ஆயிரம் மடங்கு. அலமாரியிலிருந்து எடுக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், குடோனுக்குப் போய்வர 16 நிமிடத்துக்கும் மேல். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் அதே கணக்கில் ஒரு நாளைத் தாண்டும்.

8 ஜிபி என்று வாங்கினாலும் 8 முழுதாகக் கையில் வராது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான நினைவகமும் ரேமிலிருந்துதான் போகும், மீதி 7.3 ஜிபி அளவில் நிற்கும். விண்டோஸ் 11 எழுந்து உட்காரவே அதில் மூன்று, நான்கு ஜிபி எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பிரவுசரில் இருபது டேப், ஆன்லைன் வகுப்பு, ஒரு சர்க்யூட் சிமுலேட்டர். அப்புறம் குடோனுக்கு ஓட்டம்தான். மவுஸை அசைத்தால் அம்புக்குறி ஒரு கணம் தயங்கி நகர்கிறதே, அது பெரும்பாலும் இந்த ஓட்டம்.

அப்படியானால் பிற்பாடு இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாமே? இரண்டு லேப்டாப்புகளும் உண்மையில் பிரியும் இடம் இது. முதலாவதின் ‘அதிவேக ரேம்’, எல்பிடிடிஆர்5 வகை. வேகம் என்று சொன்னது பொய்யில்லை. குறைந்த மின்சாரத்தில் அந்த வேகத்தைப் பெறுவதற்காக அந்த வகையைச் சிப்புக்குப் பக்கத்திலேயே போர்டில் சால்டர் செய்துவிடுகிறார்கள். 7520U இந்த வகை ரேமை மட்டுமே ஏற்கும். ஆக, இன்று 8 என்றால் அதன் ஆயுள் முழுக்க 8தான். பெருமையாகப் பெரிய எழுத்தில் போட்ட வரியே பிறகு எதையும் மாற்ற முடியாது என்பதற்கும் அடையாளம்! இரண்டாவது மாடலில் சாதாரண டிடிஆர்4, ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபி, பக்கத்து ஸ்லாட் காலி.

காலி ஸ்லாட்டால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே துண்டு ரேம் இருந்தால் தகவல் ஒரு பாதையில் மட்டும் போகும். டிடிஆர்4-3200 வகைக்கு நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டாவது துண்டு வந்ததும் இரு பாதை, 51.2 ஜிபி. ரேமைப் பங்கிட்டுக்கொள்ளும் கிராஃபிக்ஸுக்கு இது பெரிய விஷயம். விளையாட்டும் முப்பரிமாண வரைபடமும் கண்ணுக்குத் தெரியும் அளவு சீராகும்.

கடையில் ஓடிக்கொண்டிருக்கும் காட்சிப் பிரதியிலேயே இதைப் பார்த்துவிடலாம். Ctrl+Shift+Esc அழுத்தி, Performance, அதற்குள் Memory. ‘Slots used: 1 of 2’, ‘Form factor: SODIMM’ என்று இருந்தால் கழற்றி மாட்டும் வகை. ‘Row of chips’ என்று இருந்தால் சால்டர் செய்தது. பாதி சால்டர், பாதி ஸ்லாட் என்று கலந்து வருபவையும் உண்டு என்பதால், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

எஸ்எஸ்டியின் ‘3500 எம்பி வேகம்’ பற்றி நேரம் செலவழிக்க வேண்டாம். அது ஒரே பெரிய கோப்பை நேர்வரிசையில் படிக்கும் வேகம். அன்றாடம் நடப்பது சின்னச் சின்னத் துண்டுகளைச் சிதறலாகப் படிக்கும் வேலை. அதில் எண்கள் வெகுவாக இறங்கிவிடும், 3500-க்கும் 7000-க்கும் வித்தியாசம் தெரிவது அபூர்வம். 512 ஜிபி வாங்கியது திரையில் 476 என்று தெரிந்தால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

திரையில் ‘ஃபுல் எச்டி’ இப்போது ஒரு தகுதியே இல்லை. அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘45% NTSC’, ‘250 nits’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். நாம் இணையத்தில் பார்க்கும் படங்களுக்கான வண்ண அளவுகோல் எஸ்ஆர்ஜிபி. அது, என்டிஎஸ்சி என்ற பழைய, இன்னும் பெரிய வண்ண அளவுகோலில் சுமார் 72 சதவீதம். ஆக 45 என்றால், தேவையான வண்ணங்களில் முக்கால்வாசிகூட இல்லை. சிவப்புச் சேலை செங்கல் நிறத்தில் தெரியும். நிரல் எழுத, பாடம் படிக்க இது போதும். போஸ்டர் வடிவமைக்கும் ஆசை இருந்தால் போதாது. நிட்ஸ் என்பது திரையின் பிரகாச அளவு. 250 நிட்ஸ், ஜன்னலோர வெளிச்சத்தில் திணறும். ‘ஐபிஎஸ்’ என்ற சொல் எங்கேயும் இல்லையென்றால், கீழிருந்து பார்க்கும்போது நிறம் மாறும் டிஎன் வகையாக இருக்கலாம். திரையைச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பேட்டரியின் அளவுகோல் மணி நேரம் அல்ல, வாட் மணிதான். அவள் பார்த்த இரண்டிலும் 42 வாட் மணி. வெளிச்சத்தைக் குறைத்து, சேமித்த வீடியோவை மட்டும் ஓட்டினால் லேப்டாப் 4 வாட்டில் நடக்கும். 42-ஐ 4-ஆல் வகுத்தால் விளம்பரத்தின் பத்து மணி நேரம் கிடைத்துவிடுகிறது. வைஃபை, பிரவுசர், பாதிக்கு மேல் வெளிச்சம் என்று சாதாரணமாகப் பயன்படுத்தினால் 7 வாட், அதாவது ஆறு மணி நேரம். சிமுலேஷன் 20 வாட் தின்றால் இரண்டு மணி நேரம்தான். வாங்கிய முதல் வாரத்தில், பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன், கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்:

```
powercfg /batteryreport
```

உருவாகும் அறிக்கையில் ‘Design capacity’, ‘Full charge capacity’ என்று இரண்டு எண்கள் இருக்கும். புதிய லேப்டாப்பில் இரண்டும் அருகருகே இருக்க வேண்டும். இரண்டாவது எண் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், ‘Cycle count’-உம் சில பத்துகளில் இருந்தால், அது யாரோ பயன்படுத்திய லேப்டாப்பாகவோ கடையில் காட்சிக்கு நின்றதாகவோ இருக்கலாம். திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

மூவாயிரம் கூடுதலாகக் கொடுத்து 7530U-ஐ வாங்கினாள். முதல் செமஸ்டர் முழுக்க 8 ஜிபியோடுதான் ஓட்டினாள். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது, டாஸ்க் மேனேஜரில் நினைவகம் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதேயில்லை என்று காட்டினாள். ஏற்கெனவே இருந்த துண்டின் அதே வேகத்தில் ஒரு டிடிஆர்4-3200 வாங்கி, வாரண்டிக்குப் பாதகம் வராமலிருக்க சர்வீஸ் சென்டரிலேயே போடச் சொன்னேன். கால் மணி நேர வேலை. வெளியே வந்ததும் முதல் காரியமாக Ctrl+Shift+Esc அழுத்தித் திரையை என் பக்கம் திருப்பினாள். ‘Slots used: 2 of 2’.