இருபதும் பத்தும் முப்பது இல்லை

சித்திரை வருடப்பிறப்பு விற்பனை முடிந்தால் புறக்கோட்டைக் கடைகளின் கணக்கு என் மேசைக்கு வந்துவிடும். இந்த முறையும் அதே பிழை. "விற்பனை நல்லா நடந்தது, காசைத்தான் காணேல்ல" என்றார் ஒரு புடைவைக் கடை முதலாளி. பில்களைப் புரட்டியதுமே காரணம் தெரிந்தது.

கடை வாசலில் 20 வீதக் கழிவு என்று பலகை. கடையின் அட்டை வைத்திருப்பவர்களுக்கு மேலும் 10 வீதம். காசாளர் தம்பி இரண்டையும் கூட்டி, பில் மெஷினில் 30 என்று அடித்திருக்கிறார்.

5,000 ரூபாய் விலை போட்ட புடைவையை எடுத்துக்கொள்வோம். 20 வீதம் கழித்தால் 4,000. அடுத்த 10 வீதம் இந்த 4,000 ரூபாயில்தான், அதாவது 400. வாங்குபவர் தர வேண்டியது 3,600. மொத்தக் கழிவு 1,400, அது 28 வீதம். தம்பி வாங்கியதோ 3,500. அந்தப் புடைவையின் அடக்க விலை 3,550. 50 ரூபாய் லாபம் வர வேண்டிய இடத்தில் 50 ரூபாய் நட்டம்! "இரண்டு வீதம்தானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வாங்குபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பத்து வீதம் என்றால், எதில் பத்து வீதம் என்று முதலில் கேளுங்கள். முதல் கழிவில் போன 1,000 ரூபாயை நீங்கள் கொடுக்கவே போவதில்லை. கொடுக்காத காசுக்கு எப்படிக் கழிவு கிடைக்கும்? அந்த 1,000 ரூபாயின் பத்து வீதமான 100 ரூபாய்தான் நீங்கள் எதிர்பார்த்ததற்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசம். கூட்டுவதுதான் சரி என்றால், 50 வீதமும் இன்னொரு 50 வீதமும் தரும் கடையில் புடைவை சும்மா கிடைக்க வேண்டும். அங்கேயும் கால்வாசி விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

"அப்ப அட்டைக் கழிவை முதல்ல போடுங்கோ" என்று கவுண்டரில் சண்டை பிடிக்கிறார்கள். போட்டுப் பாருங்கள்: 5,000 முதலில் 4,500 ஆகும், அதில் 20 வீதமான 900 போனால் அதே 3,600. வரிசையை மாற்றி ஒன்றும் ஆகாது. போனில் 5000 × 0.8 × 0.9 என்று அடித்தால் விடை வந்துவிடும்.

இரண்டு கழிவும் குறித்த விலையிலேயே கணக்கிடப்படும் என்று கடை எழுதிப் போட்டிருந்தால் மட்டும் 30 சரி. அப்படி எழுதியிருக்கிறதா என்று காசு கட்டும் முன் பாருங்கள், கட்டிவிட்டு காசாளரைத் திட்டாதீர்கள்.

முதலாளிமாரே, விற்பனை தொடங்கும் முன் ஒரு பொருளுக்கு பில் அடித்துப் பாருங்கள். மொத்தக் கழிவை குறித்த விலையால் வகுத்து 0.30 வந்தால், மெஷினில் கழிவுகளைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். 0.28 வரும்வரை கடையைத் திறக்க வேண்டாம்.