விடை சரி, ஆனால் எதைப் படித்துச் சொன்னது?

"நாளைய கூட்டத்துக்கு வருகிறாயா?" என்று ஒருவர் கேட்கிறார். "காலை ஆறு மணிக்கு எனக்கு விமானம்" என்கிறார் மற்றவர். பதிலில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் அவர் வரமாட்டார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் விமானத்தைப் பற்றி அவர் பேசமாட்டார் என்ற நம்பிக்கைதான் நம்மை அந்த முடிவுக்குக் கொண்டுபோகிறது. இப்படிப் பிறக்கும் குறிப்புப்பொருளுக்கு ஓர் ஒழுங்கான விளக்கம் தந்தவர் மெய்யியலாளர் பால் கிரைஸ். 1975-இல் அச்சான அவருடைய கட்டுரையைத் தொடாமல் இந்தத் துறையில் பேச்சைத் தொடங்குபவர்கள் குறைவு.

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளுக்கு இதெல்லாம் புரிகிறதா என்று சோதிக்கும் தேர்வுகளை உருவாக்குவதும் சரிபார்ப்பதும் என் வேலை. ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் காட்டி ‘உள்ளர்த்தம் புரிந்துவிட்டது’ என்று ஒரு தரப்பும், இன்னொரு தேர்வைக் காட்டி ‘ஒன்றுமே புரியவில்லை’ என்று இன்னொரு தரப்பும் அடித்துச் சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டையும் சந்தேகத்தோடுதான் படிப்பேன். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் கேள்வித்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

இத்தகைய தேர்வுகளில் மிகவும் பரவலானது மேலே உள்ள வடிவம்தான்: ஒரு கேள்வி, ஒரு மறைமுகப் பதில், அதன் பொருள் ‘ஆம்’ என்பதா ‘இல்லை’ என்பதா என்று மாதிரி சொல்ல வேண்டும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த வடிவில் 600 உரையாடல்களைக் கொடுத்துப் பல மாதிரிகளைச் சோதித்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் கிடைக்கும். மனிதர்களின் சராசரி சுமார் 86 சதவீதம். அன்றைய மாதிரிகளில் பல 50-ஐத் தாண்டிச் சற்று தூரத்திலேயே நின்றன. பின்னர் வந்த பெரிய மாதிரிகள் மனிதர்களின் அளவை நெருங்கிவிட்டன. மனிதர்களே 100 எடுக்காத தேர்வு இது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே வடிவில் சொந்தமாக ஒரு தேர்வை நீங்கள் உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மனிதர்கள் சுற்றி வளைத்துப் பேசுவது பெரும்பாலும் மறுப்பதற்காகத்தான். ‘வருகிறேன்’ என்பதை நேரடியாகச் சொல்வதில் யாருக்கும் சங்கடமில்லை. ‘வரமாட்டேன்’ என்பதற்குத்தான் விமானமும் தலைவலியும் தேவைப்படுகின்றன. ஆகவே இயல்பாக எழுதப்படும் 100 உருப்படிகளில், அதாவது கேள்வி-பதில் ஜோடிகளில், 70-க்கு விடை ‘இல்லை’ என்று அமைந்துவிடுவது எளிது. எதையும் படிக்காமல் எப்போதும் ‘இல்லை’ என்று சொல்லும் ஒரு வரி நிரல் அதில் 70 எடுத்துவிடும். உங்கள் மாதிரி 78 எடுத்தது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள்: ‘இல்லை’ வகையில் 70-க்கு 66 சரி, ‘ஆம்’ வகையில் 30-க்கு 12 மட்டுமே சரி. ‘ஆம்’ என்று பொருள்படும் பதில்களில் பாதியைக்கூட அது பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு, 100 உருப்படிகள் மட்டுமே உள்ள தேர்வில் 78 என்பதற்கு இருபுறமும் எட்டுப் புள்ளிகள்வரை ஏற்ற இறக்கம் உண்டு. கீழ் எல்லை கிட்டத்தட்ட அந்த ஒரு வரி நிரலின் மதிப்பெண்ணுக்கே வந்துவிடுகிறது.

விடைகளைச் சரிபாதியாக்கினால் தீர்ந்துவிடுமா என்றால் தீராது. ‘தலைவலி’, ‘வேலை இருக்கிறது’, ‘விமானம்’ போன்றவை எந்தக் கேள்விக்கு அடுத்து வந்தாலும் மறுப்பின் வாடையோடு வருகின்றன. ‘கேட்க வேண்டுமா’, ‘பின்னே’ போன்றவற்றில் சம்மதத்தின் வாடை. மாதிரி கேள்வியையே பார்க்காமல் பதிலை மட்டும் மோப்பம் பிடித்துச் சரியான விடையைச் சொல்லிவிட முடியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு மலிவான வழி உண்டு: கேள்வியை நீக்கிவிட்டுப் பதிலை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மதிப்பெண் பெரிதாகக் குறையவில்லை என்றால் உங்கள் தேர்வு அளப்பது குறிப்புப்பொருளை அல்ல. வாக்கியங்களுக்கு இடையிலான தர்க்கத் தொடர்பைச் சோதிக்கும் தரவுத்தொகுப்புகளில், இரண்டாவது வாக்கியத்தை மட்டும் கொடுத்தே பெரும்பகுதி விடைகளைச் சரியாகச் சொல்ல முடிகிறது என்பது 2018-இல் அம்பலமானது. அந்தப் பாடம் இங்கே இன்னும் போதிய அளவு இறங்கவில்லை.

எனக்கு நம்பகமானதாகத் தெரிவது இரட்டை உருப்படி முறை. பதிலை ஓர் எழுத்துகூட மாற்றாமல் சூழலை மட்டும் மாற்றுவது. கூட்டம் காலை ஒன்பது மணிக்கு இதே ஊர் அலுவலகத்தில் என்றால், "காலை ஆறு மணிக்கு எனக்கு விமானம்" என்பது ‘வரமாட்டேன்’. கூட்டம் பிற்பகலில் வேறொரு நகரத்தில் என்றால் அதே வாக்கியம் ‘வருகிறேன், டிக்கெட்கூட எடுத்துவிட்டேன்’. இரண்டையும் சரியாகச் சொன்னால்தான் ஒரு மதிப்பெண். இந்தக் கணக்கில் சூழலைப் படிக்காத மாதிரி தப்பவே முடியாது: இரண்டுக்கும் ஒரே விடையைச் சொல்லும், ஆகவே ஒன்று சரி, ஒன்று தவறு. தனித்தனியாக எண்ணினால் 50 சதவீதம், இரட்டையாக எண்ணினால் பூஜ்யம். கண்ணை மூடிக்கொண்டு சொல்பவருக்கோ 25 சதவீதம் கிடைக்கும். ஒரு மாதிரி 25-க்கும் கீழே போனால் அது ஊகிக்கக்கூட இல்லை, பதிலின் வாடையையே நம்பியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கிண்டலுக்கு வருவோம். இங்கே குழி இன்னும் ஆழம். வழக்கமான உருப்படி இப்படி இருக்கும்: புதிய மென்பொருளை நிறுவியதும் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளும் நின்றுவிட்டன. மேலாளர், "அருமையான வேலை" என்றார். மேலாளருக்குத் திருப்தியா? மாதிரி ‘இல்லை’ என்கிறது. கிண்டல் புரிந்தது என்று குறித்துக்கொள்கிறோம். மேலாளரின் வாக்கியத்தையே எடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். கணினிகள் எல்லாம் நின்றுபோனால் எந்த மேலாளருக்குத் திருப்தி? கிண்டலைக் கேட்காமலே விடை கிடைத்துவிட்டது.

‘இது கிண்டலா?’ என்று நேராகக் கேட்பதும் உதவாது. அந்தக் கேள்வியே பாதி விடை. அப்படிக் கேட்டால் மனம்விட்டுப் பாராட்டிய வாக்கியத்தையும் கிண்டல் என்று சந்தேகிக்கும் மாதிரிகள் உண்டு. நேர்மையான பாராட்டுகள் தேர்விலேயே இல்லாவிட்டால் இந்தச் சந்தேகப் புத்தி கூர்மையாகத் தெரியும்.

நான் செய்வது நான்கு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. நிகழ்வு நல்லது அல்லது கெட்டது. சொன்னது பாராட்டு அல்லது கண்டனம். கேள்வி: ‘மேலாளர் சொன்னதையே அப்படியே நினைக்கிறாரா?’ கணினிகள் நின்றபின் ‘அருமையான வேலை’ என்றால், இல்லை. நின்றபின் ‘மோசமான வேலை, இனி எங்களுக்கு இங்கே வேலையே இருக்காது’ என்றால், ஆம். எல்லாம் சீராக ஓடும்போது ‘அருமையான வேலை’ என்றால், ஆம். சீராக ஓடும்போது அதே ‘மோசமான வேலை, இனி எங்களுக்கு இங்கே வேலையே இருக்காது’ என்றால், இல்லை. நிகழ்வை மட்டும் பார்த்தாலும், வாக்கியத்தை மட்டும் பார்த்தாலும் 50 சதவீதத்துக்கு மேல் எடுக்க வழியில்லை; இரண்டையும் பொருத்திப் பார்த்தே ஆக வேண்டும். வஞ்சப்புகழ்ச்சி அணியில் நாம் படித்த இரு வகைகளும், அதாவது புகழ்வதுபோல் பழிப்பதும் பழிப்பதுபோல் புகழ்வதும், முதல் கட்டத்திலும் நான்காம் கட்டத்திலும் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

நான்காம் கட்டம் மனிதர்களுக்கும் கடினம். பழிப்பதுபோல் புகழ்வது அரிது, கேட்பவர் அதைத் தவறவிடுவதும் அதிகம் என்பது உளவியலில் 1980-களிலிருந்தே பேசப்படும் சமச்சீரின்மை. ஆகவே அந்தக் கட்டத்தில் மாதிரி சறுக்கினால் உடனே தீர்ப்பு எழுதாமல், அதே உருப்படியை ஆட்களிடம் கொடுத்து அவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வஞ்சப்புகழ்ச்சி என்றதும் சிலர், ‘தேவர் அனையர் கயவர்’ என்று தொடங்கும் 1073-ஆம் குறளைத் தேர்வில் வைத்துவிடுகிறார்கள். மாதிரி பிரமாதமாக விளக்கும். விளக்காமல் என்ன செய்யும்? அந்தக் குறளும் அதற்கான உரைகளும் பாடக்குறிப்புகளும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அங்கே சோதிக்கப்படுவது மனப்பாடம். வெளியாகிச் சில காலமான எந்தத் தேர்வுத் தொகுப்புக்கும் இதே கதிதான். பெயர்களையும் இடத்தையும் மாற்றினாலும் வாக்கிய அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக எழுதி, வெளியிடாமல் வைத்திருப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனி ‘சரியான விடை’ என்று நாம் நிர்ணயிப்பதே ஆட்டம் காணும் இடம். ‘சில ஒட்டகச்சிவிங்கிகளுக்குக் கழுத்து நீளம்’ என்பது உண்மையா? தர்க்கப்படி உண்மை. ஆனால் ‘சில’ என்றால் ‘எல்லாம் அல்ல’ என்ற குறிப்பும் கூடவே வருகிறது; அதைக் கேட்டால் பொய். இத்தகைய வாக்கியங்களைக் கொண்டு உளவியலாளர் ஐரா நோவெக் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் சுமார் 41 சதவீதத்தினர் தர்க்கப்படியான விடையையே சொன்னார்கள். எட்டு வயதுக் குழந்தைகளோ பெரும்பாலும் ‘உண்மை’ என்றார்கள். தேர்வை உருவாக்குபவர் ‘பொய்’ என்பதை மட்டுமே சரியான விடையாகக் குறித்துவிட்டால், பத்தில் நான்கு பெரியவர்களைப் போலப் பதில் சொன்ன மாதிரி ‘புரியாதது’ என்று பட்டம் வாங்கும். இத்தகைய உருப்படிகளில் மனிதர்களின் விடைப் பரவலைப் பதிவுசெய்து, மாதிரியின் பரவலை அதோடு ஒப்பிடுவதே நியாயம். ஒற்றை விடை வேண்டுமென்றால் ஆட்கள் கிட்டத்தட்ட ஒருமனதாகச் சொன்னவற்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்போது தேர்வு எளிதாகிவிடும். அதையும் அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, கேட்கும் விதம். மேலே சொன்ன 600 உரையாடல் ஆய்வு ஒரே கேள்வியை ஆறு விதமான வாசகங்களில் கேட்டது, காரணத்தோடுதான். வாசகத்தைச் சற்று மாற்றினாலே மதிப்பெண் நகரும். தெரிவு விடைகளில் முதலில் உள்ளதையே சில மாதிரிகள் விரும்பும். நேர்ப்பொருள் விடையை எப்போதும் முதலில் வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்த விருப்பம் ‘மாதிரி வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிறது’ என்று தப்பாகப் பதிவாகும். நான் ஒவ்வோர் உருப்படியையும் இரு வரிசையிலும் கேட்கிறேன். வரிசை மாறியதும் விடை மாறினால் அந்த உருப்படியைத் தவறு என்றும் எழுதுவதில்லை, சரி என்றும் எழுதுவதில்லை. ‘நிலையற்றது’ என்று தனி நெடுவரிசையில் போட்டு, அந்த எண்ணிக்கையையும் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுகிறேன்.