சாவியை வீசியெறிந்தது யார்?

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் கணவன் வெளியே கிளம்புகிறான். வாசலில் நிற்கும் மனைவி கார் சாவியைக் கேட்கிறாள். அவன் புன்னகையோடு 'சாவியை அவளை நோக்கி வீசியெறிந்தான்'. புன்னகையோடு வீசியெறிவதா? ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'டாஸ்'. அடுத்த அத்தியாயத்தில் கலகக்காரன் கல்லை வீசியெறிகிறான். அங்கே மூலச்சொல் 'ஹர்ல்'. கோபக்காரி கடிதத்தை வீசியெறிகிறாள், அது 'ஃப்ளிங்'. மதிலுக்கு மேலாகப் பந்து வீசியெறியப்படுகிறது, அது 'லாப்'. நான்கு வினைக்கும் ஒரே தமிழ்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'ஃப்ளிங்', சாட்டையால் அடிப்பதைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லின் உறவு என்பார்கள். 'ஹர்ல்' பெரும்பாலும் ஒலிக்குறிப்பாகப் பிறந்தது. 'லாப்' முதலில் கனத்த, மந்தமான ஆளையோ பொருளையோ குறித்த பெயர். உயர வளைந்து போகும்படி எறிவது என்பது பின்னால் வந்த பொருள். நம் 'எறி'யும் அடிப்பதிலிருந்து வந்ததுதான். 'களிறு எறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே' என்னும் புறநானூற்று வரியில் எறிதல் என்பது வெட்டி வீழ்த்துவது. அந்தப் பழைய வன்மை இன்னும் 'எறி'யை விட்டுப் போகவில்லை. சாவிக்கு அது பொருந்தாததற்குக் காரணமும் அதுவே.

ஆங்கில வினைகளை இரண்டு கேள்வியால் பிரிக்கலாம்: எவ்வளவு விசை, எவ்வளவு கவனம்? ஹர்லில் முழு விசை உண்டு, பெரும்பாலும் குறியும் உண்டு. ஃப்ளிங்கில் விசை உண்டு, குறி பற்றிய அக்கறை இல்லை. ஆத்திரமோ அலட்சியமோ கையை ஓட்டுகிறது. லாபில் விசை குறைவு, ஆனால் எங்கே விழ வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. டாஸில் விசையும் இல்லை, பெரிய கவனமும் இல்லை.

தமிழில் இந்த வேறுபாட்டை முதன்மை வினையைவிட அதற்கு முன் நிற்கும் எச்சம்தான் அதிகம் சுமக்கிறது. கல்லை 'ஓங்கி எறிந்தான்' என்றால் ஹர்ல். கடிதத்தை 'விட்டெறிந்தாள்' என்றால் ஃப்ளிங். மதிலுக்கு மேலாகப் பந்தை 'உயரத் தூக்கிப் போட்டான்' என்றால் லாப். சாவியை? 'தூக்கிப் போட்டான்'. அவ்வளவுதான். 'போடு' என்னும் எளிய வினையை இலக்கியத்துக்கு ஆகாது என்று ஒதுக்குகிறவர்களால்தான் பாவம், அந்தக் கணவன் கொடியவனாகிறான். 'தூக்கி எறிந்தான்' என்று திருத்தினாலும் சரிவராது. தூக்கி எறிவது, வேண்டாம் என்று கழிப்பது. 'தூக்கியெறிந்து பேசினார்' என்கிறோமே, அதே எறிதல்.

இனி என்னை நெடுநாளாக அரிக்கும் 'நாணயச் சுழற்சி'. ஆட்டத் தொடக்கத்தில் போடும் டாஸுக்குச் செய்தித்தாள்கள் கொடுத்த தனித்தமிழ் இது. தனித்தமிழ் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. பொருள் எங்கே என்பதுதான் சண்டை. சுழற்சி என்பது சுழல்வது. யாரோ சுழற்றியது அல்ல. 'நீர்ச் சுழற்சி', 'பயிர்ச் சுழற்சி' என்று பழகிய காதுக்கு நாணயச் சுழற்சி என்றால் பணம் கைமாறிக் கைமாறித் திரும்பி வருவதாகத்தான் படும். தவிர, காசு காற்றில் சுழல்வது விளைவு. அணித்தலைவர் செய்யும் செயல், கட்டைவிரலால் மேலே தெறிக்கவிடுவது. அதற்கு 'சுண்டு' என்று ஒரு வினை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'காசு சுண்டினார்கள்' என்று எழுதினால் எந்த வாசகருக்கு விளங்காது? 'நாணயச் சுழற்சியில் வென்று' என்பதைவிட 'பூவா தலையாவில் வென்று' எவ்வளவோ மேல். அங்கேயும் பாருங்கள், மக்கள் பூவா தலையா 'போட்டுத்தான்' பார்க்கிறார்கள். இரண்டும் பிடிக்காவிட்டால் டாஸ் என்றே எழுதுங்கள். தெளிவான கடன்சொல் குழப்பமான சொந்தச் சொல்லைவிட நல்லது.

வினையையே விட்டுவிட வேண்டிய இடங்களும் உண்டு. அதே நாவலில் ஒருத்தி 'தன்னைப் படுக்கையில் வீசிக்கொண்டாள்'. தமிழில் யாரும் தன்னைத் தானே வீசிக்கொள்வதில்லை. படுக்கையில் பொத்தென்று விழுவார்கள். 'கதவை வீசித் திறந்தாள்' என்றும் இருந்தது. கதவைப் படாரென்று திறக்கலாமே. ஃப்ளிங்கின் விசை முழுவதும் அந்தப் 'படார்' என்பதில் வந்துவிடுகிறது. இரவெல்லாம் 'டாஸ்' செய்தவன் எறியவும் இல்லை, வீசவும் இல்லை. தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுத்திருக்கிறான்.

பிரதியைத் திருத்தி அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளர் மற்றவற்றை ஏற்றுக்கொண்டார். சாவியை மட்டும் 'லாவகமாக வீசினான்' என்று மாற்றியிருந்தார்.