கணக்கர் மாறும்போது எழுத வேண்டிய குறிப்பு

வேலையை விட்டுப் போகும் கணக்கர், புதிதாக வந்தவருடன் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுப்பார். கடைசியில் ஒரு தாளில் ‘டேலி, ஜிஎஸ்டி, டிடிஎஸ் விளக்கப்பட்டது’ என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சிறு நிறுவனங்களுக்கு வரிக் கணக்கு பார்க்கிற என் அனுபவத்தில், அடுத்த மாதம் சிக்கல் வரும்போது அந்தத் தாளை யாரும் எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. பார்த்தாலும் அதில் ஒன்றும் இருக்காது.

எல்லா வேலையையும் இங்கே பேசப் போவதில்லை. அதிகம் தவறு நடக்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: கொள்முதல் பதிவேட்டை, விற்பவர்கள் தாக்கல் செய்த பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் ஜிஎஸ்டிஆர்-2பியுடன் ஒப்பிட்டு, கொள்முதலில் கட்டிய வரிக்கான உள்ளீட்டு வரி வரவை நாம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-3பியில் காட்டுவது.

ஒப்படைப்புக் குறிப்பில், சொல்லிக் கொடுத்தது என்ற பகுதியில் ‘ஜிஎஸ்டி’ என்று எழுதினால் போதாது. ‘2பியை எக்ஸெலில் இறக்கி, விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் வைத்து டேலி பதிவேட்டோடு பொருத்துவது, 2பியில் வராத பில்லுக்கு வரவு எடுக்காமல் நிறுத்தி வைப்பது, சரக்கு வராத பில்லின் வரவைத் திருப்பிக் காட்டுவது’ என்று செய்யும் வேலையாகவே எழுத வேண்டும். கூடவே சொல்லாமல் விட்டதையும் ஒரு வரி எழுதுங்கள். ‘கிரெடிட் நோட், இறக்குமதி பார்க்கவில்லை’ என்று இருந்தால், புதியவர் அந்த இடத்தில் தானாக ஊகிக்காமல் யாரையாவது கேட்பார். என்னைக் கேட்டால் முழுக் குறிப்பிலும் அதிகம் உதவுவது இந்த வரிதான்.

கொடுத்தவை என்ற பகுதியில் கோப்பின் பெயரும் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும் வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது நிலுவைப் பட்டியல். விற்பவர் தாமதமாகத் தாக்கல் செய்த பில், இரண்டு மூன்று மாதம் கழித்து 2பியில் வரும். அந்தப் பட்டியல் பழைய கணக்கரின் கணினியிலேயே தங்கிவிட்டால், வர வேண்டிய வரவைத் தேட ஆளிருக்காது. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு, அந்த ஆண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30க்குள், அதற்கு முன்பே ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்துவிட்டால் அதற்குள், எடுக்காவிட்டால் வரவு போய்விடும். கடவுச்சொல்லைக் குறிப்பில் எழுத வேண்டாம். ஆனால் ஓடிபி யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். போகிறவரின் எண்ணுக்குப் போகிறது என்றால், அவர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பயிற்சி வேலை. ஏற்கெனவே தாக்கல் முடிந்த ஒரு மாதத்தைப் புதியவரிடம் கொடுத்து, 3பியைப் பார்க்காமல் அவரையே வரவைக் கணக்கிடச் சொல்லுங்கள். சரியான விடை கையில் இருப்பதால் சரிபார்ப்பது எளிது. உதாரணமாக, அந்த மாதம் பதிவேட்டில் உள்ளீட்டு வரி ரூ.1,84,500, 2பியில் ரூ.1,77,300. வித்தியாசம் 7,200 என்று தெரிந்தாலும் அது ஒரே பில் இல்லை. விற்பவர் தாக்கல் செய்யாததால் ரூ.10,800 வரியுள்ள ஒரு பில் 2பியில் வரவில்லை. இன்னொரு பில் 2பியில் வந்துவிட்டது, ஆனால் சரக்கு வந்து சேராததால் டேலியில் ஏறவில்லை. அதன் வரி ரூ.3,600. எடுக்கக்கூடிய வரவு ரூ.1,73,700. 3பியின் 4ஆம் அட்டவணையில் 1,77,300 வந்து, வரவைத் திருப்பிக் காட்டும் 4(பி)(2)இல் 3,600 கழிந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கணக்கில் தவறான விடையும் ஒரு சேதி சொல்லும். 1,84,500 என்று வந்தால் அவர் பதிவேட்டை அப்படியே எடுத்திருக்கிறார். 1,77,300 என்றால் 2பியைக் கேள்வி கேட்காமல் நம்பியிருக்கிறார். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது, ஏனென்றால் 2பிக்கும் 3பிக்கும் வித்தியாசமே இருக்காது, தளம் எதையும் கேட்காது. முதலாவதில் வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் விளக்கம் கேட்டு டிஆர்சி-01சி அறிவிப்பு வந்துவிடும். அதற்குப் பதில் தராதவரை விற்பனை பில்களைக் காட்டும் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய முடியாது. ஆகவே குறிப்பில் ‘பயிற்சி முடிந்தது’ என்று எழுதாமல், அவர் சொன்ன தொகை, சரியான தொகை, எங்கே விலகினார் என்ற மூன்றையும் எழுதுங்கள். அடுத்த அமர்வை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

எந்த நாளில் உட்காருவது என்பதும் கவனிக்க வேண்டியது. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 2பி 14ஆம் தேதி வரும், 3பி 20க்குள் போக வேண்டும். ஒப்படைப்பை மாதக் கடைசியில் வைத்தால் பழைய கோப்பைக் காட்டிப் பேசத்தான் முடியும். இந்த ஆறு நாளுக்குள் வைத்தால், நடப்பு மாதத்தைப் புதியவர் தன் கையால் செய்ய, பழையவர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.