'தகுதியான கருத்து' என்று எழுதுவதை நிறுத்துங்கள்

பல்லடத்தில் எங்கள் வீதியில் விசைத்தறி ஓட்டும் அண்ணன் ஒருவர், ஒரு நூற்பாலையின் பங்குகளைக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கிறார். போன மாதம் செல்போனை நீட்டினார். அந்த ஆலையின் ஆண்டு முடிவுகளைப் பற்றிய தமிழ்ச் செய்தி அது. "ஆடிட்டர் தகுதியான கருத்து குடுத்திருக்கார்னு போட்டிருக்குதுங்க. அப்ப இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமுங்களா?" என்று கேட்டார். அந்தத் தொடரை இதற்கு முன்பும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதை நம்பி ஒருவர் பணம் போடக் கிளம்பியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மூலச்சொல் 'குவாலிஃபைட் ஒப்பீனியன்'. லத்தீனில் 'குவாலிஸ்' என்றால் 'எப்படிப்பட்ட' என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'குவாலிஃபை' ஆங்கிலத்தில் இரண்டாகக் கிளைத்தது. ஒன்று, தகுதி பெறுவது. இன்னொன்று, சொன்னதை முழுதாகச் சொல்லாமல் 'இது நீங்கலாக' என்று ஓர் எல்லை கட்டுவது. தணிக்கையாளர் எழுதுவது இரண்டாவது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துக்கொண்டது முதலாவது. அகராதியில் முதலில் இருக்கும் பொருளோடு அவர்கள் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தியத் தணிக்கைத் தரம் எஸ்ஏ 705 இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. கணக்கில் பெரிய தவறு இருக்கிறது, ஆனால் அது மொத்தக் கணக்கிலும் பரவவில்லை என்றால் குவாலிஃபைட். தவறு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யப் போதிய சான்று கிடைக்கவில்லை, அதன் விளைவு பெரிதாக இருக்கலாம், ஆனால் பரவலாக இராது என்றாலும் குவாலிஃபைட்தான். தவறு மொத்தக் கணக்கிலும் பரவியிருந்தால் 'கணக்கு சரியில்லை' என்றே எழுதிவிடுவார். சான்றுக்குறை அந்த அளவுக்குப் போனால் 'என்னால் கருத்தே சொல்ல முடியாது' என்று கைவிரித்துவிடுவார். ஆக, குவாலிஃபைட் என்பது ஆடிட்டர் குறை கண்டு எழுதிய கருத்து. அதற்குப் போய் 'தகுதி' என்ற சொல்லா? திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் 'தகுதி' என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அன்று முதல் இன்றுவரை தமிழில் அது மெச்சும் சொல். தகுதியான மாப்பிள்ளை என்றால் பெண் கொடுக்கலாம் என்று அர்த்தம். தகுதியான கருத்து என்றால் அண்ணன் பங்கு வாங்கத்தானே செய்வார்?

சரி, வேறு சொற்கள் இல்லையா என்றால் இருக்கின்றன. 'வரையறுக்கப்பட்ட கருத்து' என்கிறார்கள் சிலர். தகுதியை விட இது தேவலாம். ஆனால் லிமிடெட் கம்பெனியை 'வரையறுக்கப்பட்ட நிறுவனம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். வரையறுக்கப்பட்ட நிறுவனத்துக்கு வரையறுக்கப்பட்ட கருத்து என்றால், அது ஏதோ சட்ட வழக்கம் என்று வாசகர் தாண்டிப் போய்விடுவார். 'நிபந்தனைக்குட்பட்ட கருத்து' என்பது இன்னும் மோசம். ஆடிட்டர் எந்த நிபந்தனையும் போடவில்லை. 'இதைச் சரிசெய்தால் ஒப்புக்கொள்கிறேன்' என்று அவர் பேரம் பேசவில்லை. இந்த விஷயம் நீங்கலாக மற்றவை சரி என்று முடித்துவிட்டார். 'விலக்குக் கருத்து' என்று எழுத எனக்கே ஒரு காலத்தில் ஆசை இருந்தது. வரிவிலக்கு நினைவுக்கு வந்து, ஏதோ சலுகை போலத் தொனித்ததால் விட்டுவிட்டேன்.

நான் எழுதுவது 'குறை சுட்டிய கருத்து'. குறை என்றால் தவறு, குறை என்றால் போதாமை. கணக்கில் தவறு, சான்று போதவில்லை என்று எஸ்ஏ 705 சொல்லும் இரண்டு காரணங்களும் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. அதைவிட முக்கியம், படித்த உடனே 'என்ன குறை?' என்று அடுத்த கேள்வி எழுகிறது.

அண்ணனோடு உட்கார்ந்து அந்த ஆண்டறிக்கையை எடுத்து, அந்தக் கேள்வியைத்தான் கேட்டோம். தணிக்கை அறிக்கையின் முதல் பத்தி கருத்து. அதற்கு அடுத்தாற்போலவே 'பேசிஸ் ஃபார் குவாலிஃபைட் ஒப்பீனியன்' என்று காரணப் பத்தி வரும். ஒரு நூல் வியாபார நிறுவனத்திடமிருந்து 41 கோடி ரூபாய் வரவேண்டியிருக்கிறது, பாக்கியை உறுதிசெய்யும் கடிதம் வரவில்லை, வாராக்கடனுக்கு ஒதுக்கீடும் செய்யவில்லை, அது வசூலாகுமா என்று எங்களால் முடிவுசெய்ய முடியவில்லை என்று அதில் இருந்தது. ஆலையின் வரிக்கு முந்தைய லாபம் 14 கோடி. அந்தப் பணம் முழுதும் வராமல் போனால் 27 கோடி நஷ்டம்.

யார் அந்த வியாபார நிறுவனம்? கணக்குக் குறிப்புகளின் கடைசிப் பக்கங்களில், ரிலேட்டட் பார்ட்டி, அதாவது ஆலையோடு தொடர்புடையவர்களின் பட்டியலில், அதே பெயர் இருந்தது. நிர்வாக இயக்குநரின் மகன் அதில் கூட்டாளி. அந்த ஆண்டு ஆலை அவர்களுக்கு விற்ற நூல் 52 கோடி, ஆண்டு முடிவில் வராமல் நிற்பது 41 கோடி. ஏறக்குறைய ஒன்பதரை மாத விற்பனை. மற்ற வாடிக்கையாளர்களுக்கு விற்றது 258 கோடி, பாக்கி 48 கோடி, அதாவது இரண்டேகால் மாதம்தான். இதே ஆலை அண்ணனுக்கு நூல் கொடுத்தால் 60 நாளில் பணம் கேட்டு ஆள் அனுப்பும். மகனுக்கு மட்டும் ஒன்பதரை மாதமா? ஒரே கணக்கில் இந்த இரண்டு வசூல் காலங்களையும் பிரித்துப் போட்டதும் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார்.

இதனாலேயே விற்பனை பொய் என்று சொல்லிவிட முடியாது. மகனின் நிறுவனம் நூலை விற்றுவிட்டு, பணம் வராமல் நிஜமாகவே தவிக்கலாம். பார்க்க வேண்டியது முந்தைய ஆண்டுகளின் பாக்கியை. பணம் வராமல் பாக்கி ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே வந்து, விற்பனையும் 'வளர்ந்தால்', அந்த வளர்ச்சி காகிதத்தில் மட்டுமே இருக்கலாம். எங்கள் கையில் இருந்த அறிக்கையில் மகன் நிறுவனத்தின் முந்தைய ஆண்டுப் பாக்கி 29 கோடி.

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால், குறை சுட்டிய கருத்து வந்த ஆண்டில் தனியாக ஒரு தாக்க அறிக்கையும் தர வேண்டும். குறையைச் சேர்த்தால் லாபம் எவ்வளவு, சேர்க்காமல் எவ்வளவு என்று இரண்டு பத்திகள் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதையும் ஓரிடத்தில் 'தணிக்கைத் தகுதிகளின் தாக்கம்' என்று தமிழாக்கியிருந்ததைப் படித்தேன். ஆலைக்கு ஏதோ பட்டம் கிடைத்தது போல!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரிலேட்டட் பார்ட்டியை 'உறவினர்' என்று எழுதுகிறார்கள். 'தொடர்புடைய கட்சி' என்றும் ஒரு கட்டுரையில் பார்த்தேன். 'தொடர்புடைய தரப்பு' என்பதே சரி. துணை நிறுவனமும் கட்டுப்படுத்தும் நிறுவனமும் உறவினர் ஆகுமா? அப்புறம் நம் பக்கத்தில் உறவு என்றால் பங்காளி, மாமன், மச்சான் எல்லாரும் சேர்த்தி. 2013 கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலோ கணவன் மனைவி, பெற்றோர், மகன் மருமகள், மகள் மருமகன், உடன்பிறந்தோர், இந்துக் கூட்டுக்குடும்ப உறுப்பினர் என்ற அளவில் நின்றுவிடும். மனைவியின் தம்பியும் தாய்மாமனும் அதில் இல்லை. ஆலை முதலாளியின் மச்சினன் தன் பெயரில் ஒரு நூல் கடை நடத்தி, அதற்கு ஆலையோடு வேறு தொடர்பும் இல்லை என்றால், அந்தப் பட்டியலின்படி அது தொடர்புடைய தரப்பாகாது.

அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "மகன் பேர்ல இருக்கறது இதுல வந்திருச்சு. அவிநாசியில மச்சினன் பேர்ல ஒண்ணு ஓடுதே, அது எங்கீங்க?" என்றார். பட்டியலை மேலிருந்து கீழாக இருவரும் இரண்டு முறை படித்தோம். அந்தப் பெயர் இல்லை.