வயலுக்கு எத்தனை குழி?

வயல் இரண்டு மடங்கு பெரிதானால் மண் மாதிரிக்கான குழிகளும் இரண்டு மடங்காக வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டியதில்லை. கணக்கில் பரப்பளவு வருவதே இல்லை. மண் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் வருகிறது.

பல குழிகளின் மண்ணை வாளியில் கலக்கும்போது வாளியே நமக்காகக் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆய்வகம் ஒரே ஒரு முறை அளந்தாலும் இருபது குழிகளின் சராசரி கிடைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரே ஆழத்துக்கு, ஒரே அளவு மண் விழுந்தால்தான் அந்தச் சராசரி சரியாக வரும்.

ஒரு கற்பனை வயலில் எட்டு குழிகளின் மண்ணைக் கலக்காமல் தனித்தனியே சோதிப்போம். மணிச்சத்து, கிலோ மண்ணுக்கு மில்லிகிராமில் 8, 14, 11, 22, 10, 9, 18, 12 என்று வருகிறது. சராசரி 13. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் ஏறக்குறைய 4.8. இனி சூத்திரம்:

n = (2 × s / E)²

n என்பது தேவையான குழிகளின் எண்ணிக்கை, s என்பது திட்ட விலக்கம், E என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. அந்த 2, நூற்றுக்குச் சுமார் 95 தடவை பிழை E-க்குள் அடங்குவதற்காக. 3 வரை பிழை பரவாயில்லை என்றால் 10 அல்லது 11 குழிகள் போதும். 2 என்றால் 23. பிழையை 1-ஆகக் குறைக்க நினைத்தால் 92-க்கு மேல் போய்விடும்! பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு குழி தோண்ட வேண்டும். அதனால் பெரும்பாலும் 15 முதல் 25-க்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். எட்டே குழிகளில் கிடைத்த s-உம் தோராயமானதுதான், அதனால் இரண்டு மூன்று குழி கூடவே போடுங்கள். இந்த மாதிரி தனித்தனிச் சோதனைகளை ஒவ்வொரு மண்வகைக்கும் பொதுச்செலவில் செய்து வெளியிட வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு விவசாயியும் தன் செலவில் s-ஐத் தேடுவது நியாயமில்லை.

சரி, எருக் குவித்திருந்த இடத்தில் ஒரு குழி விழுந்துவிட்டால்? பதினான்கு குழிகளில் 13, அந்த ஒன்றில் மட்டும் 130 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 21-ஐ நெருங்கிவிடும், உரமே தேவையில்லை என்று முடிவு வரும். அதனால் எருக்குவியல், வரப்போரம், மரநிழல் இவற்றை விட்டுவிட்டு, வயலின் குறுக்கே வளைந்து வளைந்து நடந்து எடுக்கிறார்கள். மேடும் பள்ளமுமாக மண் தெளிவாகப் பிரிந்திருந்தால் குழியைக் கூட்டிப் பயனில்லை. இரண்டு தனி மாதிரிகளாக எடுக்க வேண்டும்.

கலந்த மண் ஒரே எண்ணைத்தான் தரும், ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். எடுத்தது போதுமா என்று பார்க்க, அதே வயலில் வேறு பாதையில் நடந்து இன்னொரு வாளி நிரப்பி அதையும் அனுப்புங்கள். 23 குழி எடுத்த நம் வயலில் இரண்டு விடைகளும் 3-க்குள் வேறுபடலாம். 6 வேறுபட்டால் வாளியில் மண் சரியாகக் கலக்கவில்லை, அல்லது வயல் நாம் நினைத்ததைவிடச் சீரற்றது.